‘போய்’ என்பது ‘பொய்’ ஆகாதிருக்க
(பொறிப்பு வரிகள் பற்றிய ஒரு மறுப்புரை)

மோதிரத்தின் உட்புறத்தில் ஒரு வரியைப் பொறித்துக்கொள்வதும், முன்கையில் ஒரு சொற்றொடரைப் பச்சை குத்திக்கொள்வதும் இன்று தமிழ் இளைஞரிடையே பெருவழக்காகியுள்ளன. வழக்கு நல்லதா, தீயதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அவ்வரிகள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதே இங்கு விவாதத்திற்குரியது. உயர்ந்த கருத்தொன்று கிடைத்துவிட்டாற் போதும், எஞ்சியதைப் பொற்கொல்லரோ பச்சை குத்துபவரோ பார்த்துக்கொள்வார் என்ற எண்ணமே எங்கணும் காணப்படுகின்றது. இவ்வெண்ணம் அடிப்படையிலேயே தவறானது. பொறிக்கப்படுவது கருத்தன்று, எழுத்து. எழுத்து நிலைக்காதவிடத்துக் கருத்து எத்துணை உயர்ந்ததாயினும் அதனை மீட்டுத்தர எவராலும் இயலாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு. ஏட்டில் எழுதிய நம் முன்னோர் புள்ளியே இடாமல் எழுதினர். ஆயினும் இலக்கியங்கள் அழியாது நம்மை வந்தடைந்தன. ஆகவே ஒரு புள்ளியோ ஒரு கொம்போ மறைந்துபோவதையிட்டு இத்துணை கவலை எதற்கு என்பதே அவ்வாதம். முதற்பார்வைக்கு வலியதாகத் தோன்றும் இவ்வாதம் சற்று ஊன்றி நோக்கத்தக்கது.

ஓலையிற் புள்ளி இட்டால் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் அதனைத் தவிர்த்தனர் என்பது உண்மையே. அதுமட்டுமன்று. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இருந்த வேறுபாடும் அப்புள்ளியையே சார்ந்திருந்தது. குறிலாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. புள்ளி விடுபட்ட ஏட்டில் ‘பொய்’ என்ற சொல்லும் ‘போய்’ என்ற சொல்லும் ஒரே வடிவினவாகவே நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வேறுபடுத்திய பின்னரே இக்குழப்பம் தீர்ந்தது. அரவும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்ட நிலையும் ஏடுகளில் இருந்தது.

அவ்வாறாயின் ஏட்டை வாசித்தோர் எவ்வாறு வாசித்தனர்? யாப்பு அவர்களுக்கு உதவிற்று. எதுகையும் சீரும் நெடிலா குறிலா என்பதைக் காட்டிக்கொடுத்தன. உரை உதவிற்று. முன்னும் பின்னும் நின்ற நூறு அடிகள் உதவின. ஐயத்துக்குரிய ஒரு சொல்லைச் சுற்றி ஐயமற்ற ஆயிரம் சொற்கள் இருந்தன. ஒரு மோதிரத்தில் இவற்றுள் எது உண்டு? இரண்டு சொற்களே உள்ள ஒரு வரியில் ஒன்று மயங்கினால் மற்றொன்று மட்டுமே எஞ்சுகின்றது. வரி சுருங்கச் சுருங்க வாசிப்புக்குத் துணைநிற்கும் சூழலும் சுருங்குகின்றது. நீண்ட நூலின் நிலைபேற்றை எடுத்துக்காட்டி இரு சொல் வரியின் நிலைபேற்றை நிறுவ முற்படுவது, கடலில் மிதக்கும் கப்பலைக் காட்டி அதன் ஆணியும் மிதக்கும் என்று வாதிடுவதை ஒத்ததாகும்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பெருங்கற்பண்பாட்டு ஈமப் புதைகுழி ஒன்றிலிருந்து சிறு முத்திரை ஒன்று வெளிப்பட்டது. அதன் ஒரு வரியிற் குறியீடுகளும் மற்றதிற் பிராமி எழுத்துகளும் உள்ளன. அவ்வெழுத்துகளைப் பேராசிரியர் இந்திரபாலா ‘கோவேத’ என வாசித்தார். எனினும் அவ்வாசிப்பிலும் அதன் பொருளிலும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கின்றது. உலோகம் நிலைத்தது, எழுத்தும் பெருமளவுக்கு நிலைத்தது. அருகில் வேறு சொல் இல்லாமையே விவாதத்தைத் தீரவிடாமல் வைத்திருக்கின்றது. அதனைச் செய்வித்தவருக்கு அது தெளிவாகவே இருந்திருக்கும். தம் மோதிரத்தைப் பார்த்து இன்று மகிழ்பவருக்கும் அது தெளிவாகவே இருக்கின்றது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, பொதுப்படப் பேசுவதை விடுத்து ஒரு குடும்பத்தின் அனுபவத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் காலமானார். பிள்ளைகள் வெளியே புறப்படும் போதெல்லாம் படலையடியில் நின்று அவர் சொல்லும் இரு சொற்கள் “போட்டு வா” என்பன. அவருடைய காப்பொன்றை உருக்கி மகள் ஒரு மோதிரம் செய்விக்க விரும்பினாள். ரொறன்ரோவில் வாழும் மகன் தன் முன்கையில் ஒரு வரியைப் பச்சை குத்திக்கொள்ள விரும்பினான். இருவரும் தாயை நினைவுகூரும் ஒரே வரியையே இருவகைப் பொருளிலும் பதிக்க எண்ணினர்.

உறவினர் முதலிற் பரிந்துரைத்த வரி, ‘தாயன்பின் ஒளியே வாழ்வின் வழி’ என்பது. வாழ்த்து அட்டைகளிற் காணப்படும் தரத்தது. எந்தத் தாய்க்கும் பொருந்துவது. ஆதலால் இந்தத் தாய்க்குச் சிறப்பாகப் பொருந்தாதது. அதனை ஒருபுறம் வைப்போம். அவ்வரி மோதிரத்துக்கு ஒவ்வாது எனப் பொற்கொல்லர் கூறியபோது, வரி நீளம் என்பதே காரணம் என எல்லோரும் கருதினர். உண்மை அதுவன்று. உள்விட்டம் 17 மில்லிமீற்றர் கொண்ட மோதிரத்தின் உட்சுற்றளவு ஏறக்குறைய 53 மில்லிமீற்றர். பதினான்கு எழுத்துகள் அதிற் தாராளமாக அடங்கும். இடர்ப்பாடு உயரத்திலேயே உள்ளது. மோதிரத்தின் அகலம் 4 மில்லிமீற்றர். இரு விளிம்பிலும் அரை மில்லிமீற்றர் விட்டால் எஞ்சுவது 3 மில்லிமீற்றர். அந்த மூன்றுக்குள் ‘பி’, ‘ளி’, ‘வி’ ஆகியவற்றின் மேல்விசிறிக்கும், ழகரத்தின் கீழ்வளைவுக்கும் இடம் ஒதுக்கவேண்டும். அவற்றுக்கு ஒதுக்கிய பின் எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது ஒன்றேமுக்கால் மில்லிமீற்றர்கூட இல்லை. ஒரேயொரு எழுத்து மேலே விசிறி பெற்றிருப்பினும், வரியிலுள்ள எல்லா எழுத்துகளும் அதன்பொருட்டுச் சிறுத்தேயாக வேண்டும்.

இவ்விடத்திலேதான், ‘தமிழ் எழுத்து நகைக்கு ஏற்றதன்று, ஆங்கிலத்திற் பொறித்துவிடுங்கள்’ என்ற அறிவுரை வந்து சேர்கின்றது. தமிழ் எழுத்தின் இயல்பை அறியாமையின் விளைவே இவ்வறிவுரை. தமிழில் மேலும் கீழும் நீளும் எழுத்துகளும் உண்டு, நீளாதனவும் உண்டு. ‘தி’, ‘கு’, ‘ழி’, ‘று’ என்பன இடத்தை விழுங்குகின்றன. ‘ப’, ‘ய’, ‘வ’, ‘ம’, ‘ட’, ‘க’ என்பனவும் அவற்றோடு சேரும் அரவும் தம் உடல் அளவோடு அமைகின்றன. ஆகவே வரியைத் தேரும்போது எண்ணவேண்டியது எத்தனை எழுத்து என்பதை மட்டுமன்று. எத்தனை விசிறி, எத்தனை கீழ்ச்சுழி, எத்தனை சிறு கண் என்பதையுமாகும். செய்யுள் யாப்பவன் அசையை எண்ணுவது போன்றதே இது. இதில் இழிவு எதுவுமில்லை.

மகள் தாயின் சொற்களுக்கே திரும்பினாள். உடனே வேறொரு பூசல் எழுந்தது. ‘போட்டு வா’ என்பது கொச்சை. பொன்னிற் பொறிப்பதற்கு அது தகாது. ‘போய் வா’ என்றே எழுதவேண்டும் என்றனர் மொழித்தூய்மை வேண்டுவோர். கொச்சை என்ற காரணத்தை இங்கு முற்றாக நிராகரிக்க வேண்டும். தாய் பேசிய சொல்லைப் பண்டிதர் திருத்தித்தர வேண்டியதில்லை. எனினும் ‘போட்டு வா’ என்பதற்கு எதிராக வேறொரு காரணம் உண்டு. அதனை அவர்கள் எவரும் சொல்லவில்லை. போய்விட்டு என்பது யாழ்ப்பாணத்தார் நாவிற் ‘போட்டு’ எனக் குறுகும். அதனைத் தமிழகத்தவர் ஒருவர் வாசித்தால், எதையோ அணிந்துகொண்டு வரும்படி சொல்வதாகவே கொள்வார். ரொறன்ரோவிற் பிறந்து, பாடநூலிலிருந்து தமிழ் கற்கும் பேத்தியும் அவ்வாறே கொள்வாள். மோதிரம் மகளின் கைக்குப் பின் பேத்தியின் கைக்கே செல்லப்போகின்றது.

சொற்கள் இவ்வாறு கைமாறும்போது பொருள் மாறுவது புதிதன்று. நறுமணத்தையும் குறித்து நின்ற ‘நாற்றம்’ என்ற சொல் இன்று எதனைக் குறிக்கின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பழமை தோன்றவேண்டும் என்பதற்காக அகராதியிலிருந்து அருஞ்சொற்களைப் பொறுக்கிப் பொறித்துக்கொள்வோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. பேச்சுவழக்குச் சொல் இடத்தால் மயங்குகின்றது. அருஞ்சொல் காலத்தால் மயங்குகின்றது. இரண்டினுக்கும் ஒரே சோதனையைச் செய்யலாம். வரியை ஒரு தாளில் எழுதி, அதன் வரலாற்றை அறியாத மூவரிடம், ஒருவர் வேறு ஊரினராகவும் ஒருவர் சிறுபிள்ளையாகவும் இருக்குமாறு, தனித்தனியே காட்டவேண்டும். ‘இது சரியா?’ என்று வினவலாகாது. அவ்வாறு வினவினால் எவரும் சரியென்றே சொல்வர். ‘என்ன எழுதியிருக்கின்றது? யார் யாருக்குச் சொல்வது?’ என்றே வினவவேண்டும்.

‘போய் வா’ என்பது இச்சோதனையிற் தேறிற்று. எங்கும் ஒரே பொருள். மேல்விசிறி இல்லை, கீழ்ச்சுழி இல்லை, மேலே நிற்பது ஒரு புள்ளி மட்டுமே. ஆகவே எழுத்தின் உடலை இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக உயர்த்தலாம். எல்லோரும் நிறைவுற்ற அவ்வேளையில் பொற்கொல்லரே ஒரு குறையைக் காட்டினார். அவ்வளவிலும் இரட்டைக்கொம்பின் ஒவ்வொரு சுழியும் அரை மில்லிமீற்றர் அளவினதே. பொன்னில் வெட்டிய கோடு உராய்வினாலும் மெருகிடுதலினாலும் மேலிருந்து தேய்ந்துகொண்டே வரும். இருபத்திரண்டு கரட் பொன் மென்மையானது. அதன் மேற்பரப்பில் லேசர் கொண்டு இலேசாகச் சுட்ட எழுத்தாயின் சில மெருகுகளிலேயே மங்கிவிடக்கூடும். சிற்றுளியால் ஆழ வெட்டியதாயினும் ஆழங் குறைந்த நுண்வளைவுகளே முதலில் மறையும். இரட்டைக்கொம்பின் மேற்சுழி மறைந்தால் எஞ்சுவது ஒற்றைக்கொம்பு. அப்போது தாயின் வாழ்த்து ‘பொய் வா’ என்று நிற்கும். ஏட்டுக்காலத்து மயக்கம் இருபத்தோராம் நூற்றாண்டின் மோதிரத்துக்குள் மீண்டும் வந்து குடியேறும். நேரிய வழியெழுத்தே அழியாத சொல் எனக் கருதுவோருக்கு இது தக்க மறுமொழியாகும்.

வாசகர் தம் வரியை இவ்வாறே சோதித்துப் பார்க்கலாம். புள்ளிகளை நீக்கி ஒருமுறை எழுதுக. இரட்டைக்கொம்புகளை ஒற்றையாக்கி ஒருமுறை எழுதுக. மூன்று சுழி ணகரத்தை இரண்டு சுழி னகரமாக்கியும், அதனை மாற்றியும் எழுதுக. எஞ்சும் வடிவம் பொருளற்றதாயின் அஞ்சவேண்டியதில்லை. வாசிப்பவர் தாமே திருத்தி வாசிப்பார். ‘நினைவே’ என்பது ‘நினைவெ’ ஆனால் எவரும் மயங்கார். எஞ்சும் வடிவம் பிறிதொரு நல்ல சொல்லாக அமைந்துவிடுவதே ஆபத்து. ‘பேறு’ என்பது ‘பெறு’ ஆகும். ‘மணம்’ ‘மனம்’ ஆகும். ‘அன்னை’ என்று பொறித்தது சுழிகள் கலங்கி ‘அண்ணை’ என வாசிக்கப்படுமாயின், யாழ்ப்பாணத்து வீட்டில் அது தாயை விட்டுத் தமையனைக் குறிக்கும். (1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னைய, தும்பிக்கை போன்ற வளைவுடைய ‘னை’ வடிவத்தை அழகுக்காக நாடுவோர், அதனைக் கண்டறியாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.)

மகனின் நிலை வேறு. பொன்னிற் கோடு அழிகின்றது. தோலிலோ கோடு தடிக்கின்றது, கோடுகளுக்கு இடையிலுள்ள வெளி அழிகின்றது. மை மேற்றோலுக்குக் கீழுள்ள அடித்தோலில், அங்குள்ள விழுங்கு கலங்களினாற் பிடித்துவைக்கப்படுகின்றது. அக்கலங்கள் இறக்கும்போது வெளிப்படும் மையைப் புதிய கலங்கள் மீள விழுங்கிக்கொள்வதைப் பிரான்சிய ஆய்வாளர் 2018இல் எலிகளிற் காட்டினர். மை நிலைத்திருப்பது இவ்வாறே. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது மெல்லப் பரவிக் கோட்டின் விளிம்பு மங்கும். உயரம் 5 மில்லிமீற்றரேயுள்ள எழுத்தில் கொம்பின் சுழி ஒன்றேகால் மில்லிமீற்றர் குறுக்களவினது என்றும், கோட்டின் தடிப்பு 0.7 என்றும் கொள்வோம். தொடக்கத்திற் சுழியினுள் அரை மில்லிமீற்றர் வெளி தெரியும். கோடு இருமடங்காகத் தடித்தால் வெளியே இராது. எழுத்தை 10 மில்லிமீற்றராக்கினால் அதே தடிப்புக்குப் பின்னரும் ஒரு மில்லிமீற்றர் வெளி எஞ்சும். இதற்குக் கணக்கும் தேவையில்லை: வரியை உரிய அளவில் மெல்லிய பேனாவால் எழுதி, பின் அதன்மேல் இருமடங்கு தடித்த பேனாவைச் செலுத்திப் பார்த்தாற் போதும். அடைபட்ட சுழிகள் தாமே சொல்லும்.

முன்கையில் இடம் இருந்தமையால் மகன் தாயின் ‘போட்டு வா’வையே விட்டுக்கொடாது வைத்துக்கொண்டான். அவன் தோல் பேத்தியின் கைக்குச் செல்லாது. வாசிக்கத் தெரியாதோருக்கு விளக்கம் சொல்ல அவன் உடனிருப்பான். இத்தெரிவு முற்றிலும் நியாயமானதே. ஆனால் அவனுக்கு வேறோரிடத்தில் இடறிற்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்பிய வரி, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இவ்வாறு தோன்றிற்று:

```
Nghl;L th
```

தமிழை அறியாத பச்சை குத்துபவர் இதனையே படியெடுக்க ஆயத்தமானார். அவரிற் குற்றம் காண்பது எங்ஙனம்? அவருக்குக் காட்டப்பட்டது அதுவே. இப்பாமினி முறையில் `N` இரட்டைக்கொம்பு, `n` ஒற்றைக்கொம்பு என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு விசை தவறினால் ‘போ’ என்பது ‘பொ’ ஆகிவிடும். அதனை ஆங்கில எழுத்தாகக் காண்பவர் எவரும் பிழையென உணரார். பின்னர் யுனிகோட்டில் அனுப்பியபோது வரைகலை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு இயக்கப்படாதிருந்தமையால் கொம்பு பகரத்துக்கு முன் நிற்காமற் பின்னுக்குச் சென்று, புள்ளிவட்டம் ஒன்றையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. அவ்விரண்டு பிழைகளும் ஊசி தொடுமுன் பிடிபட்டமைக்குக் காரணம், தோலில் ஒட்டிய படியை அவன் ஒளிப்படமெடுத்துத் தமக்கைக்கு அனுப்பி, அவள் வாய்விட்டு வாசித்துக் காட்டியதேயாகும். இறுதியிற் கையால் எழுதிய தாள் ஒன்றே படியெடுக்கப்பட்டது. கணினித் திரையிற் சரியாகத் தெரிகின்றது என்பது திரையைப் பற்றிய செய்தியே அன்றி, மறுமுனையில் வெட்டப்படப் போவதைப் பற்றிய செய்தியன்று. எழுத்தாக அன்றிப் படமாகவோ கைவரைவாகவோ அனுப்புவதும், உலோகத்தையோ தோலையோ தொடுமுன் அவ்விறுதிப் படியைத் தமிழறிந்த ஒருவர் வாசிப்பதும் இன்றியமையாதன.

‘பொறிப்பவர் பிழைவிட்டார்’ என்ற முறைப்பாடு இவ்விடயத்தில் மிக எளிதாக எழுவது. பிழைகளுட் பல பொறிப்பவரின் கைக்கு வருமுன்னரே தேர்ந்தெடுத்தவரின் மேசையில் நிகழ்ந்துவிடுகின்றன என்பதை மேற்கூறிய அனுபவம் காட்டும். ஒரு வரியைப் பொறிக்குமாறு கொடுப்பவர் அதன் பதிப்பாசிரியரும் ஆவார். ஏட்டைப் பதிப்பித்தோர் ஒரு கொம்புக்காகப் பல பிரதிகளை ஒப்புநோக்கினர். தம் உடலிலும் தாயின் பொன்னிலும் பதிப்பிப்போர் ஒரு பிரதியைக்கூட மீள வாசியாமற் கொடுப்பது எவ்வகையில் நேரிது?

மகளின் மோதிரம் சில கிழமைகள் தாமதித்தது. ‘போய்’ என்பதும் வேண்டாம், ‘போட்டு’ என்பதும் வேண்டாம் என அவள் முடிவுசெய்தாள். எஞ்சியது ‘வா’ என்ற ஓரெழுத்தொருமொழி. கொம்பு இல்லை, புள்ளி இல்லை, விசிறி இல்லை. மூன்று மில்லிமீற்றர் உயரம் முழுவதும் எழுத்துக்கே கிடைத்தது. அரவை ரகரமாகக் கொண்டு ‘வர’ என எவரும் வாசித்துவிடாதிருக்க, அதன் கால் நேராக இறங்கி நிற்குமாறு பொற்கொல்லர் தாளில் வரைந்து காட்டி, அவள் ஒப்பிய பின்னர் சிற்றுளியால் வெட்டினார். பிற்காலத்தில் மோதிரத்தைப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ நேரின் அறுக்கவேண்டிய இடம் பின்புறப் பற்றாசு ஆகும். அதற்கு இருமருங்கும் ஐந்து ஐந்து மில்லிமீற்றர் வெறுமையாக விடப்பட்டது. புறப்படும் பிள்ளையிடம் அத்தாய் கேட்டதும் போவதையன்று, திரும்பி வருவதையே என்று அவள் காரணம் சொன்னாளாம்.